இட்லி வேகுறதுக்குள்ள ஒரு மூஞ்சி

பொற்கொடிக்குக் காலையில் கண்ணாடி பார்க்கிற பழக்கமே கிடையாது. பார்த்தால் மட்டும் அங்கே வேறு யாராவது நிற்கப் போகிறார்களா என்பது அவள் கட்சி. அன்னவாசலில் பஸ் ஏறுவாள், ஏறின பிறகு தலையைப் பின்னுவாள், சித்தன்னவாசல் பிரிவு தாண்டும்போது ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் குத்துமதிப்பாக ஒட்டுவாள். சில நாள் அது நடுவில் இருக்கும். சில நாள் இடது புருவத்தோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கும். ஒருத்தரும் கண்டுகொண்டதில்லை. புதுக்கோட்டை டவுனில் அவள் வேலை பார்த்த ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடிக்குப் போர்வையும் தலையணை உறையும் வாங்கத்தான் ஆள் வரும். போர்வை வாங்க வருகிறவன் போர்வையைத்தான் பார்ப்பான்.

அந்த மூன்றாவது மாடியை மூடப்போகிறோம் என்று முதலாளி மகன் சொன்ன அன்றைக்குத்தான் பிடித்தது சனி.

"அங்கிட்டு பார்ட்டி ஹால் வருது. போர்வை செக்‌ஷன் பிள்ளைங்க எல்லாம் திருச்சி ரோட்டு குடோனுக்குப் போயிருங்க. தங்குறதுக்கு ஹாஸ்டல் இருக்கு, சாப்பாடு இருக்கு, ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போய்க்கலாம்."

மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு மாதிரி நல்ல செய்திதான். வீட்டை விட்டு ஓடுவதற்கு இவ்வளவு மரியாதையான வழி எல்லோருக்கும் கிடைக்காது. பொற்கொடிக்கு வீட்டில் அப்பா இருந்தார். பிச்சை என்று பெயர். லாரிக்கு லோடு ஏற்றின உடம்பு, ரெண்டு வருசத்துக்கு முந்தி பக்கவாதம் வந்து இடது பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டது. காலையில் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய், குளிப்பாட்டி, சட்டை மாட்டி, பட்டன் போட்டு, இட்லியைப் பிட்டுத் தட்டில் வைத்துவிட்டுத்தான் இவள் கிளம்புவாள். மத்தியானம் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் எட்டிப்பார்த்துச் சோறு போட்டுவிட்டுப் போகும். ராத்திரிக்கு யாரும் கிடையாது. பொற்கொடி ஹாஸ்டலுக்குப் போனால் அவர் ராத்திரி தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் விடிகிறவரைக்கும் தாகமாகத்தான் இருக்க வேண்டும்.

தப்பிக்க ஒரே ஒரு ஓட்டை இருந்தது. கீழ்த்தளத்துப் பட்டு செக்‌ஷனில் நின்ற இலக்கியாவுக்குக் கல்யாணம் ஆகி அவள் தஞ்சாவூருக்குப் போய்விட்டாள். ஆறு பேர் நிற்கிற இடத்தில் ஐந்து பேர்தான். பொற்கொடி நேரே போய் வனிதா மேடத்திடம் கேட்டாள். கீழ்த்தளத்துக்கு வனிதாதான் மேனேஜர். முதலாளியே அந்தம்மா முன்னால் செருப்புச் சத்தம் இல்லாமல் நடப்பார்.

வனிதா இவளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். விலை கேட்காமலே திருப்பிக் கொடுக்கிற சேலையைப் பார்க்கிற பார்வை.

"பட்டு செக்‌ஷன்னா தெரியுமில்ல? மேக்கப் கட்டாயம். அதும் கல்யாண மேக்கப் இல்ல. நேச்சுரல் லுக். போட்ட மாதிரியே தெரியக்கூடாது, ஆனா போட்டிருக்கணும்."

"போட்டுக்கிறேன் மேடம்."

"இதுக்கு முன்னாடி போட்டிருக்கியா?"

"பவுடர் போட்டிருக்கேன்."

பக்கத்தில் நின்ற ரெண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். வனிதா சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையில் இருந்து ஒரு பவுண்டேஷன் பாட்டிலை எடுத்தார். முதலாளி மருமகள் திருச்சியில் இருந்து வாங்கிக் கொடுத்தது. ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே பாட்டில், ஒரே நிறம். மருமகள் தன் கையில் தடவிப் பார்த்து, தனக்குப் பொருந்துகிறதா என்று சரிபார்த்து வாங்கியிருக்கிறார். பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்த மாதிரி ஒரு கலர். வனிதா அதில் கொஞ்சத்தை ஒரு மாத்திரை டப்பாவில் பிதுக்கிக் கொடுத்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் தாரேன். கீழயே நின்னு பழகு. சரியா வந்தா நீ இங்க. இல்லன்னா குடோன்."

மறுநாள் காலையில் பொற்கொடி முதல் முறையாகக் கண்ணாடி முன்னால் நின்றாள். ட்யூப்லைட் வெளிச்சம். கழுவித் துடைத்த வறண்ட முகம். டப்பாவில் இருந்ததை முழுசாக வழித்து, சோப்புப் போடுகிற மாதிரி நெற்றி, கன்னம், தாடை என்று தேய்த்தாள். அதற்கு மேலே, இருக்கட்டுமே என்று, பழைய பவுடரையும் ஒரு கை. ட்யூப்லைட்டில் பளீரென்று இருந்தது. 'அட, நம்மகூட இப்படி இருப்பமா' என்று ஒரு நிமிசம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சொல்லக்கூடாது, கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது.

இட்லித் தட்டோடு அப்பாவிடம் போனாள். பிச்சை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கோணிப்போன வாயால் மெதுவாகக் கேட்டார்.

"யாத்தா... ஒனக்கு ஒடம்புக்கு முடியலையா?"

பஸ்ஸில் கண்டக்டர் பெரியகருப்பன் அவ்வளவு மெதுவாகக் கேட்கவில்லை. பெரியகருப்பனுக்கு மெதுவாகப் பேசுகிற வசதியை ஆண்டவன் வைக்கவில்லை.

"என்ன தங்கச்சி, மாவு மில்லுக்கு வேலை மாத்திட்டியா? பொம்பளைகளுக்கு டிக்கெட்தான் ஃப்ரீ. பவுடரும் ஃப்ரீயா குடுத்தானுகளா?"

பஸ்ஸே சிரித்தது. பொற்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் வந்த லாரியின் சைடு கண்ணாடியில், நல்ல காலை வெயிலில், அவள் முகம் ஒரு விநாடி தெரிந்து மறைந்தது. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. அடுப்பில் நேற்றைக்குக் கிடந்த சாம்பல். தாடைக்குக் கீழே கோடு கிழித்த மாதிரி கழுத்து தனி ஊராக இருந்தது. மூக்கின் பக்கவாட்டில் வறண்டு செதில் செதிலாக நின்றது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தாள். துடைத்த இடம் மட்டும் கறுத்து, இன்னும் கேவலமாகிவிட்டது.

வனிதா பார்த்தார். ஆச்சரியம் என்னவென்றால், கோபப்படவில்லை.

"கலர் பரவாயில்ல, கொஞ்சம் எடுத்துக் குடுக்குது. ஆனா திட்டுத் திட்டா இருக்கு. கழுத்து வேற, மூஞ்சி வேற. ஒழுங்காக் கத்துக்க."

இதில் 'கலர் பரவாயில்ல' என்பதைப் பொற்கொடி கவனித்திருக்க வேண்டும். அவள் 'ஒழுங்காக் கத்துக்க' என்பதை மட்டும் காதில் வாங்கினாள். படிப்பு வராத பிள்ளைகளின் குணம் இது. கத்துக்க என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் மறந்துபோகும்.

கத்துக்கொடுக்க பிளெஸ்ஸி இருந்தாள். அதே கீழ்த்தளத்தில் வளையல், கிளிப், காஜல் விற்கிற ஃபேன்சி கவுண்டர் அவளுடையது. அதற்கு முன்னால் ஒரு பார்லரில் இருந்தவள். வாய் கொஞ்சம் நீளம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பொற்கொடியைக் கடைக்குப் பின்னால், லோடு இறக்குகிற சந்துக்கு, வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மூஞ்சியக் காட்டு. அய்யய்யோ. யாருடி ஒன்னைய இப்படிப் பண்ணுனது?"

"நாந்தான்."

"போலீஸ்ல சொல்லிராத, உள்ள வச்சிருவாங்க. இந்தா பாரு. பவுண்டேஷன்ங்கிறது வெள்ளையாக்குறதுக்கு இல்ல. கண்ணுக்குக் கீழ கருத்துப்போயிருக்கு, மூக்கோரம் செவந்திருக்கு, பருத் தழும்பு இருக்கு. அதையெல்லாம் மத்த தோல் கலரோட ஒண்ணாக்குறதுதான் அதோட வேலை. அப்ப அது யாரு கலர்ல இருக்கணும்?"

"ஏங் கலர்ல."

"அம்புட்டுத்தான் பாடம். பரீட்சை பாஸ்."

கவுண்டரில் இருந்து எடுத்து வந்த மூன்று பாட்டிலையும் பிளெஸ்ஸி அவள் தாடை ஓரத்தில் கோடு கோடாகத் தடவினாள். கையில் தடவிப் பார்க்கக்கூடாது, கை ஒரு நிறம் முகம் ஒரு நிறம் என்றாள். ட்யூப்லைட்டில் பார்க்கக்கூடாது, பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். எந்தக் கோடு தோலோடு மறைந்துபோகிறதோ அதுதான் நம்ம ஷேடு. மூன்றும் மறையவில்லை. மூன்றும் விபூதிப் பட்டை மாதிரி நின்றன.

"நம்ம ஷேடு கடையில இல்லையாடி?"

"வாங்குறதே இல்ல. கேட்டதுக்கு முதலாளி மகன் என்ன சொன்னாரு தெரியுமா? கறுப்பா இருக்குறவங்க காசு குடுத்துக் கறுப்பு க்ரீமா வாங்குவாங்கன்னாரு. விடு. போன்ல ஆர்டர் போடுவோம்."

போனில் போட்டார்கள். பாட்டில் வந்து சேர்கிற வரைக்கும் மற்றதைப் பழகினாள். பிளெஸ்ஸி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பொற்கொடி அதைத் தன் அடுப்போடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். வேறு நேரம் ஏது? அப்பாவைக் குளிப்பாட்டி உட்காரவைத்துவிட்டு, இட்லிப் பானையில் தட்டை வைத்து மூடினால், வேகிறதுக்குப் பத்து நிமிசம். அதுதான் மொத்தச் சொத்து. அதற்குள் ஒரு முகத்தைச் செய்து முடிக்க வேண்டும்.

மூடியை மூடினதும் முகம் கழுவுவாள். அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் கொஞ்சம் இருக்கிறபோதே மாய்ஸ்சரைசர். முதல் நாள் செதில் செதிலாக நின்றதற்குக் காரணம் இதைப் போடாததுதான். அதற்கு மேல் சன்ஸ்கிரீன், காது வரைக்கும், கழுத்து வரைக்கும். அது தோலில் உட்காருகிற நேரத்தில் சும்மா நிற்காமல் தலையைப் பின்னிவிடுவாள். பிறகு பவுண்டேஷன். முகம் பூரா இல்லை. கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், வாயோரம், தழும்பு இருக்கிற இடம், அங்கங்கே ஒரு பொட்டு. தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் தட்டித் தட்டி விட வேண்டும். தேய்த்தால் கோடு விழும். ஓரங்கள் எங்கே முடிகிறது என்று தெரியாமல் முடிய வேண்டும்.

"எவ்வளவு போடணும்?"

"நெனைக்கிறதுல பாதி போடு. பத்தலன்னா இன்னும் கொஞ்சம் வைக்கலாம். கூடிப்போச்சுன்னா பஸ்ஸு போயிரும்."

புருவத்தைப் பழைய பிரஷ்ஷால் மேல்நோக்கிச் சீவி, முடி இல்லாத இடத்தில் மட்டும் பென்சிலால் ரெண்டு கீற்று. காஜலை இமையோரம் மெலிசாக இழுத்து, விரலால் லேசாகக் கலைத்துவிட வேண்டும். இழுத்த கோடு தெரிந்தால் அது மேக்கப், கலைந்திருந்தால் அது கண். லிப்ஸ்டிக் ஒன்றே ரெண்டு வேலைக்கு. செங்கல் நிறத்தில் ஒன்று. விரலில் தொட்டு உதட்டில் ஒற்றி, மிச்சத்தைச் சிரித்தால் மேடுதட்டுகிற கன்னத்தில் தட்டிப் பரப்ப வேண்டும். கடைசியாகத் தன் நிறத்துக்கு ஒத்த காம்பாக்ட் பவுடர், அதுவும் எண்ணெய் வழிகிற நெற்றி, மூக்கு, தாடை, அந்த மூன்று இடத்துக்கு மட்டும்.

முதல் சில நாள் இட்லி களிமண்ணாகப் போயிற்று. புருவம் சரியாக வந்தால் காஜல் அப்பிக்கொள்ளும். காஜல் சரியாக வந்தால் ஒரு கன்னம் மட்டும் அறை வாங்கின மாதிரி சிவந்து நிற்கும். பிச்சை தினமும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் சொன்னார்:

"இன்னைக்கு... ரெண்டு கன்னமும்... ஒண்ணா இருக்கு."

"கிண்டலு? இட்லிய முழுங்குங்க முதல்ல."

பாட்டில் வந்தது. வாசலில் வெயிலுக்கு நின்று தாடையில் ஒரு கோடு இழுத்தாள். கோட்டைக் காணோம். எங்கே போட்டோம் என்று விரலால் தேட வேண்டியதாக இருந்தது. காசு கொடுத்து வாங்கின பொருள் இப்படிக் காணாமல் போனதற்குச் சந்தோசப்பட்டவள் அன்னவாசலிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மாசக் கடைசி, வனிதா பார்த்துச் சொல்ல வேண்டிய நாள். அன்றைக்கு எல்லாம் கை வந்த மாதிரி வந்தது. ஆவி வந்து மூடி தடதடத்தபோது பொட்டை நடு நெற்றியில் வைத்து முடித்திருந்தாள். கண்ணாடியில் வேறு யாரும் நிற்கவில்லை. அதே பொற்கொடிதான். ஆனால் ராத்திரி பூரா நன்றாகத் தூங்கி, காலையில் யாரோ போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்த பொற்கொடி. அப்படி ஒருத்தி நிஜத்தில் எப்போதும் இருந்ததில்லை.

பெரியகருப்பன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஒரு நிமிசம் நின்றார்.

"என்ன தங்கச்சி, லீவு கீவு போட்டு ரெஸ்ட் எடுத்தியா? மொகம் தெளிவா இருக்கே."

மேக்கப் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் எந்தக் கொம்பனும் கொடுக்க முடியாது.

கீழ்த்தளத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பழகுகிறவள் என்று பொற்கொடியை அதுவரைக்கும் அதில் சேர்க்கவில்லை. வருகைப் பதிவுக்கு விரல் வைத்ததும் ஆறு பேரும் வரிசையாக நிற்க வேண்டும். வனிதா ஒரு டிஷ்யூ கட்டோடு வருவார். ஒவ்வொருத்தி கன்னத்திலும் ஒரு இழுப்பு. டிஷ்யூவில் கலர் வந்தால் மேக்கப் போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். பவுடரை அப்பிக்கொண்டு வந்து மேக்கப் என்று சாதிக்கிறவளைப் பிடிக்க அந்தம்மா தானே கண்டுபிடித்த பரிசோதனை. ஐந்து டிஷ்யூவிலும் பிஸ்கட் நிறம் வந்தது. ஆறாவது பொற்கொடி.

வனிதா முதலில் முகத்தைப் பார்த்தார். "போடவே இல்லையா நீ?"

"போட்டிருக்கேன் மேடம்."

ஒரு இழுப்பு. டிஷ்யூவை வெளிச்சத்தில் பிடித்தார். பழுப்பு. நல்ல அடர்த்தியான, ஈரமண் பழுப்பு.

"மூஞ்சி கழுவுறதில்லையாடி?"

வரிசையில் ஒருத்தி குபுக்கென்று சிரித்தாள்.

"அழுக்கு இல்லங்க மேடம். அது பவுண்டேஷன்."

"எனக்கே சொல்லித் தாரியா? பவுண்டேஷன் இந்தக் கலர்லயா இருக்கும்? பஸ்ல வந்த தூசி பூரா மூஞ்சியில இருக்கு." டிஷ்யூவை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். "பாருங்க. பட்டுச் சேலைய எடுத்துக் காட்டுற மூஞ்சியா இது?"

பொற்கொடி ஃபேன்சி கவுண்டரைப் பார்த்தாள். பிளெஸ்ஸி அங்கேதான் நின்றாள். "மேடம், அது வந்து..." என்று ஆரம்பித்தாள். வனிதா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிளெஸ்ஸி குனிந்து, ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த வளையல்களை மறுபடி அடுக்கத் தொடங்கினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள்.

பொற்கொடி பையைத் திறந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். "இதுதான் மேடம் போட்டேன். எங் கலருக்குன்னு பாத்து வாங்குனது. போட்டது தெரியக்கூடாதுன்னீங்க. தெரியல. கண்ணுக்குக் கீழ பாருங்க, கருவளையம் இருந்துச்சு, இப்ப இல்ல. கழுத்தும் மொகமும் ஒண்ணா இருக்கு பாருங்க."

வனிதா பாட்டிலை வாங்கித் திறந்து, ஒரு துளியை விரலில் எடுத்துப் பார்த்தார். பொய் இல்லை என்று புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் போய் அந்த முகத்தில் நிஜமான குழப்பம் வந்தது. கோபத்தைக்கூடப் பொற்கொடி தாங்கியிருப்பாள்.

"ஏண்டி," என்றார் வனிதா. கேலி இல்லை, அந்தம்மாவுக்கு உண்மையாகவே தெரியவில்லை. "போட்டும் கறுப்பாத்தான் தெரியப்போறேன்னா, அப்புறம் எதுக்குடி போடுற?"

பொற்கொடியிடம் பதில் இருந்தது, வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் வனிதாவின் காதைப் பார்த்தாள். வெள்ளைத் தோடு போட்டிருந்த அந்தக் காது மடலின் பின்பக்கம், பாலில் ஊறின பிஸ்கட் முடிகிற எல்லைக்கு அப்பால், பொற்கொடி வீட்டுக் கலரிலேயே இருந்தது. பாட்டிலில் இருந்த கலரில். எத்தனை வருசமாக இந்தம்மா விடிந்ததும் எழுந்து இதைப் பூசிக்கொண்டு வருகிறதோ. இந்தம்மாவிடம் போய் என்ன பேச?

வனிதா இழுப்பறையைத் திறந்து கடைப் பாட்டிலை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"மொதலாளி வர்றதுக்குள்ள கழுவிட்டு இதப் போட்டுட்டு வா. பத்து நிமிசம் தாரேன். நீ நல்ல பிள்ளை, சேலையும் நல்லா விரிக்கிற. ஒன்னைய இங்க வச்சுக்கணும்னுதான் எனக்கும். இல்லன்னா மேல போய்ப் பொட்டியக் கட்டு, குடோன் வேன் வெளியில நிக்குது."

வேன் நிஜமாகவே வெளியில் நின்றது. மூன்றாவது மாடிப் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியும் வாளியுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

வேலையாட்கள் கக்கூஸில் ஒரு ட்யூப்லைட், ஒரு ரசம் போன கண்ணாடி. பொற்கொடி குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். இந்த இடத்தில் அவள் பாட்டிலைத் தரையில் போட்டு உடைத்தாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். விடிகாலை தாகத்தோடு கிடக்கிற பிச்சையை யார் போய்ப் பார்ப்பது? முகம் கழுவினாள். பழுப்புத் தண்ணீர் சாக்கடைக்குள் சுற்றிக்கொண்டு இறங்கியது. காலையில் இட்லி வேகிற நேரத்தில் செய்த பொற்கொடி, தூங்கி எழுந்து காப்பி குடித்த பொற்கொடி, போய்ச் சேர்ந்தாள்.

பிறகு வேலையை ஆரம்பித்தாள். இதிலும் ஒரு கேவலம் என்னவென்றால், இப்போது அவளுக்கு வேலை தெரியும். முதல் நாள் மாதிரி திட்டுத் திட்டாக வரவில்லை. சாம்பல் தட்டும் என்று தெரியும், அதனால் அடியில் செங்கல் லிப்ஸ்டிக்கை மெல்லிசாகத் தட்டிவிட்டு அதன் மேல் பிஸ்கட்டை ஏற்றினாள். அப்படிச் செய்தால் சாம்பல் கொஞ்சம் அடங்கும், முழுசாக அடங்காது. தாடையில் நிறுத்தாமல் கழுத்துக்கு இறக்கினாள், காதுக்குப் பின்னால் கொண்டு போனாள். சேலையை எடுத்துக் காட்டுகிற கை தெரியுமே என்று மணிக்கட்டு வரைக்கும் தட்டினாள். வனிதா மேடம் மறந்த இடத்தைக்கூட அவள் மறக்கவில்லை. கொடுத்த பத்து நிமிசத்துக்குள் முடித்தாள்.

வரிசைக்கு வந்தாள். டிஷ்யூ ஒரு இழுப்பு. பிஸ்கட்.

"பாத்தியா," என்றார் வனிதா, பிரியமாகவே. "இப்பத்தான் நேச்சுரலா இருக்கு."

வேன் கிளம்பிப் போனது.

அதற்கப்புறம் பொற்கொடி பட்டு செக்‌ஷனில்தான். நல்ல பெயர் எடுத்தாள். கல்யாண வீட்டுக்காரர்கள் அவளைத்தான் கேட்டார்கள். பிளெஸ்ஸி ரெண்டு நாள் கண்ணைப் பார்க்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள், "மீன் கொழம்பு. தின்னு. என்னையத் திட்டணும்னா தின்னுட்டுத் திட்டு." பொற்கொடி தின்றாள், திட்டவில்லை. கூட நின்ற ஐந்து பேரில் ரெண்டு பேருக்கு இவளை மாதிரியே கழுத்துப் பிரச்சினை. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் வந்து, "அக்கா, எனக்கும் அந்தச் செவப்பை அடியில தட்டி விடுங்கக்கா" என்று முகத்தை நீட்டினார்கள். அவள் தட்டிவிட்டாள். சொல்லியும் கொடுத்தாள். தேய்க்காதே, தட்டு. நினைக்கிறதில் பாதி போடு. பிளெஸ்ஸி சொன்ன அதே வார்த்தைகள்தான். பாட்டில்தான் வேறு.

தன்னுடைய பாட்டிலை அவள் தூக்கிப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நாள். துணிக்கல்லுக்கு எதற்கு மேக்கப் என்று அது அப்படியே இருந்தது.

ஆவணி பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி, முகூர்த்த சீசனுக்காகக் கடைக்காரர்கள் போட்டோ பிடித்தார்கள். ஆறு பிள்ளைகளும் ஆளுக்கொரு பட்டு உடுத்தி, கை கூப்பி. அதைப் பெரிய பிளெக்ஸாக அடித்து டவுனில் அங்கங்கே கட்டினார்கள்.

பிச்சையைக் கைக்கால் பயிற்சிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டிய நாள் வந்தது. பொற்கொடி லீவு போட்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை, பொட்டு மட்டும், அதுவும் கொஞ்சம் கோணலாக. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோவுக்கு நிற்கும்போது எதிரே பிளெக்ஸ். பிச்சை ஊன்றுகோலை அழுத்திக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஒங் கடையா?"

"ஆமாப்பா."

"நீ... இருக்கியா இதுல?"

"இருக்கேன். கண்டுபிடிங்க பாப்போம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். பிச்சை ஊன்றுகோலை மகளிடம் கொடுத்துவிட்டு, நல்ல கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரு தடவை. திரும்ப ஒரு தடவை. ஆறும் ஒரே நிறம், ஒரே சிரிப்பு. பிறகு சந்தேகமாக, மெதுவாக, நீலச்சேலை உடுத்தியிருந்தவளைக் காட்டினார். அது வல்லத்திராக்கோட்டைக்காரப் பிள்ளை.

"இல்லப்பா. அந்தப் பச்சை."

பிச்சை பச்சையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற மகளின் முகத்தை ஒரு தடவை. ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. பொற்கொடி அவர் கையைப் பிடித்து ஏற்றினாள்.

உட்கார்ந்த பிறகு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அவர் சொன்னார்.

"சேலை நல்லாருக்கு ஆத்தா."